ஊழியர் தம் பதிவுகளின் நகலைக் கேட்கும்போது: எதைக் கொடுப்பது, எதை நிறுத்திவைப்பது

இங்கிலாந்தில் முப்பது பேர் வேலை செய்யும் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தை எடுத்துக்கொள்வோம். 2026 ஜனவரி 31, சனிக்கிழமை இரவு, இல்லத்தின் மேலாளருடைய வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது. ஏழு ஆண்டுகளாக இரவுப்பணி மேற்பார்வையாளராக இருந்து, மூன்று வாரங்களுக்கு முன் ஒழுங்கு விசாரணைக்கு உட்பட்ட ஓர் ஊழியை அதை எழுதியிருக்கிறார். "என்னைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் எல்லாவற்றின் நகலும் எனக்கு வேண்டும்" என்பதே செய்தி. சட்டத்தின் பெயரோ பிரிவு எண்ணோ அதில் இல்லை, உரிய படிவமும் நிரப்பப்படவில்லை. ஆயினும் இது தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி செல்லுபடியாகும் கோரிக்கை. காலக்கெடு அந்தச் சனிக்கிழமையிலிருந்தே ஓடத் தொடங்கிவிடுகிறது.

இது நான் எடுத்துக்காட்டுக்காக அமைத்துக்கொண்ட நிகழ்வு. ஆனால் ஊழியர் பதிவுகளைக் கையாளும் எவருக்கும் இதன் ஒவ்வொரு கூறும் பழக்கமானதாக இருக்கும். லண்டனிலும் லெஸ்டரிலும் சிறு நிறுவனங்களை நடத்தும் நம்மவர்களுக்கும், சென்னையில் அமர்ந்து பிரித்தானிய நிறுவனங்களின் மனிதவளப் பணிகளைச் செய்துகொடுப்போருக்கும் பயன்படட்டும் என்று, இத்தகைய கோரிக்கைக்குப் பதில் தருவதில் உள்ள வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமை தரவின் சுருக்கத்தைப் பெறுவதே. பிரித்தானியச் சட்டமோ நகலையே கேட்க இடம் தருகிறது. ஆகவே ஒரு நாட்டுப் பழக்கத்தை மற்றொன்றுக்குக் கொண்டுபோவது ஆபத்தானது.

முதலில் காலக்கெடு. சட்டம் தரும் அவகாசம் ஒரு மாதம். கோரிக்கை வந்த அதே தேதி அடுத்த மாதத்தில் இல்லையென்றால் அம்மாதத்தின் கடைசி நாள் கணக்கில் கொள்ளப்படும். அந்நாள் சனி, ஞாயிறாகவோ பொது விடுமுறையாகவோ இருந்தால் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளிப்போகும். நம் எடுத்துக்காட்டில் பிப்ரவரி 28 சனிக்கிழமை. எனவே மார்ச் 2, திங்கட்கிழமைக்குள் பதில் போய்ச் சேர வேண்டும். கோரிக்கை சிக்கலானதாக இருந்தாலோ, அதே ஊழியரிடமிருந்து பல கோரிக்கைகள் வந்திருந்தாலோ மேலும் இரண்டு மாதங்கள் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படி எடுத்துக்கொள்வதையும் அதற்கான காரணத்தையும் முதல் மாதத்திற்குள்ளேயே அவருக்குத் தெரிவித்திருக்க வேண்டும். வேலைப்பளு, விடுப்பு, கணினிக் கோளாறு ஆகியவை "சிக்கல்" என்பதில் அடங்கமாட்டா. 2018 மே மாதத்திற்கு முன் வாங்கிக்கொண்டிருந்த பத்துப் பவுண்டு கட்டணமும் இப்போது இல்லை.

மறுப்பதா, வரம்பைக் கேட்பதா, தேடுவதா

மேலாளரின் முதல் எண்ணம் மறுப்பதாகவே இருக்கக்கூடும். "வழக்குப் போடுவதற்கு ஆதாரம் திரட்டுகிறார், இதற்கு நாம் ஏன் உதவ வேண்டும்?" என்ற கேள்வி எழுவது இயல்பு. வெளிப்படையாகவே அடிப்படையற்ற அல்லது அளவுக்கு மீறிய கோரிக்கையை மறுக்கவோ, நியாயமான கட்டணம் கேட்கவோ சட்டம் இடம் தருகிறது என்பது உண்மை. எனினும், கோரிக்கையாளரின் மனத்தில் வழக்கு இருக்கிறது என்பது மட்டுமே மறுப்புக்குப் போதாது என்று 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் டாசன்-டேமர் வழக்கில் தெளிவாக்கிவிட்டது. தேடுவதற்கு நிறைய இருக்கிறது என்பதாலும் கோரிக்கை அளவுக்கு மீறியது ஆகிவிடாது. ஏழு ஆண்டு வேலை செய்த ஒருவர் முதன்முறையாகத் தம் பதிவுகளைக் கேட்கும்போது மறுப்பை நியாயப்படுத்துவது ஏறக்குறைய இயலாத காரியம். சிறிது பணம் தந்தால் கோரிக்கையைத் திரும்பப் பெறுவதாக ஒருவர் பேரம் பேசினால் அது வேறு கதை. நம் ஊழியை அப்படி எதுவும் பேசவில்லை. ஆகவே மறுப்பை இங்கேயே ஒதுக்கிவைக்கிறேன்.

அடுத்த வழி, எதைக் கேட்கிறார் என்று தெளிவுபடுத்தச் சொல்வது. 2025ஆம் ஆண்டு ஜூன் 19 அன்று அரச ஒப்புதல் பெற்ற தரவுப் பயன்பாடு மற்றும் அணுகல் சட்டம், தரவுப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் தகவல் ஆணையரின் வழிகாட்டுதலில் முன்பே இருந்த இரண்டைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. நியாயமான, பொருத்தமான அளவில் தேடினால் கிடைப்பதை மட்டும் தந்தால் போதும் என்பது ஒன்று. நியாயமாகத் தேவைப்படும் தெளிவைக் கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் நாட்களைக் காலக்கெடுவில் சேர்க்க வேண்டியதில்லை என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது ஏற்பாட்டைக் காலம் கடத்தும் தந்திரமாகப் பயன்படுத்துவோரை நான் பார்த்திருக்கிறேன், இருபத்தெட்டாம் நாளில் "எந்தத் தகவல் வேண்டும்?" என்று கேட்பார்கள். அது உண்மையான தேவையாகத் தெரியாது, ஆணையரிடம் புகார் போனால் நிற்கவும் நிற்காது. முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள், ஊழியருக்கும் பயன்படும் விதத்தில் கேட்பதே சரி. "உங்கள் பணியாளர் கோப்பு, சம்பளப் பதிவு, வருகைப் பதிவு ஆகியவற்றை எப்படியும் தருகிறோம். மின்னஞ்சல்களில் குறிப்பிட்ட காலமோ, நபர்களோ, நிகழ்வோ உங்கள் மனத்தில் இருந்தால் சொல்லுங்கள்" என்று எழுதலாம். அவர் எதையும் குறுக்க மறுத்து "எல்லாம்தான்" என்று பதில் சொன்னால், அதுவும் ஒரு பதில்தான். கடிகாரம் மீண்டும் ஓடும், நிறுவனம் நியாயமான அளவில் தேட வேண்டும்.

நம் ஊழியை, 2024 ஜனவரிக்குப் பிறகான மின்னஞ்சல்களும், ஒழுங்கு விசாரணை குறித்த அனைத்தும், மேலாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் தம்மைப் பற்றிப் பேசியவையும் வேண்டும் என்று மறுநாளே எழுதிவிடுகிறார். மூன்று மேலாளர்களின் அஞ்சல் பெட்டிகளில் அவர் பெயரை இட்டுத் தேடியதில் 2,300 மடல்கள் கிடைக்கின்றன. இந்த இடத்தில் பலரும் தடுமாறுகிறார்கள். முழுப்பெயரை மட்டும் தேடினால் போதாது. பெயரின் முதலெழுத்துகள், பணியாளர் எண், வேலையிடத்தில் அவரை அழைக்கும் சுருக்கப் பெயர், பெயரைப் பிழையாக எழுதும் வழக்கமான வடிவங்கள் ஆகிய அனைத்தையும் தேட வேண்டும். தமிழ்ப் பெயர்கள் பிரித்தானிய அலுவலகங்களில் நான்கைந்து விதமாக எழுதப்படுவதால் இது நம்மவர் விஷயத்தில் கூடுதல் கவனம் கோருகிறது.

மேலாளர்களின் சொந்தக் கைபேசியில் உள்ள வாட்ஸ்அப் உரையாடலும் அலுவல் நிமித்தமானதாக இருந்தால் தேடலுக்குள் வரும். கோரிக்கை வந்த பிறகு அதை அழிப்பதை வெறும் ஒழுங்கீனமாக எண்ணிவிடக் கூடாது. கேட்டவருக்குக் கிடைக்கக் கூடாது என்ற நோக்கத்துடன் தகவலை மாற்றுவதும், அழிப்பதும், மறைத்துவைப்பதும் 2018ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 173ஆம் பிரிவின்படி அபராதத்துக்குரிய குற்றம். குற்றம் நிறுவனத்தோடு நின்றுவிடுவதில்லை. அழித்த தனிமனிதரையும் சேரும். எனவே கோரிக்கை வந்த அன்றே மூன்று மேலாளர்களுக்கும் "எதையும் அழிக்காதீர்கள்" என்று எழுத்தில் சொல்லிவிடுவது மேலாளர்களுக்கே பாதுகாப்பு.

நகல் எந்த வடிவில்?

இந்தத் தீர்மானத்தின் நடுக்கேள்வி இதுதான். கிடைத்த 2,300 மடல்களில் பெரும்பாலானவை அனைவருக்கும் அனுப்பிய சுற்றறிக்கைகளும், ஒரே பணி அட்டவணையின் மறுபிரதிகளும். சட்டம் ஊழியருக்குத் தருவது அவருடைய தனிப்பட்ட தரவின் மீதான உரிமை. அவர் பெயர் பொறித்த ஒவ்வோர் ஆவணத்தின் மீதான உரிமை அன்று. மின்தூக்கி பழுதுபார்ப்பு பற்றிய மடலைப் பெறுவோர் வரிசையில் அவர் பெயர் இருக்கிறது என்றால், அதில் அவருடைய தரவு அந்தப் பெயரும் முகவரியும் மட்டுமே. அப்படிப்பட்டவற்றைக் கழித்தபின் 410 மடல்கள் எஞ்சுகின்றன என்று கொள்வோம். இவற்றை எப்படிக் கொடுப்பது?

எல்லாவற்றையும் அப்படியே கொடுத்துவிடுவது முதல் வழி. நேர்மையானதாகத் தோன்றும், வேலையும் குறைவு. ஆனால் அந்த மடல்களில் இல்லத்தில் வாழும் முதியவர்களின் நோய் விவரங்கள், சக ஊழியர்களின் விடுப்புக் காரணங்கள், ஒருவரது விவாகரத்துப் பேச்சு என எல்லாமே கலந்திருக்கின்றன. ஒருவருடைய உரிமையை நிறைவேற்றும்போது இருபது பேருடைய உரிமையை மீறிவிடுகிறோம். நேர்மையாக நடக்க நினைத்தே சிலர் இதைச் செய்கிறார்கள், ஆனால் பின்னர் வரும் புகார் அந்த இருபது பேரில் ஒருவரிடமிருந்து வரும்.

இரண்டாவது வழி, ஆவணத்தை அப்படியே வைத்து, பிறருடைய விவரங்களைக் கறுப்படித்து மறைப்பது. மடலின் தேதி, வரிசை, தொனி, யாருக்குப் பதிலாக எழுதப்பட்டது என்ற சூழல் எல்லாம் நிலைத்திருப்பதால் படிப்பவருக்கு நம்பிக்கை ஏற்படுகிறது. ஆனால் உழைப்பு மிகுதி. 410 மடல்களை ஒருமுறை மறைத்து, வேறொருவர் மறுமுறை சரிபார்ப்பதற்குப் பல நாட்கள் ஆகும். அதைவிடப் பெரிய ஆபத்து, மறைத்தது உண்மையில் மறையாமல் போவது. சொற்செயலியில் எழுத்தின் மீது கறுப்புப் பட்டை வரைந்து பி.டி.எஃப் ஆக்கினால், பெறுபவர் அந்த இடத்தை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினாலே எழுத்து தெரிந்துவிடும். விரிதாளில் ஒரு தாளை ஒளித்துவைத்தால் அது கோப்போடு சேர்ந்தே போகும். 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்துக் காவல்துறை, தகவலறியும் கோரிக்கை ஒன்றுக்குப் பதிலாக அனுப்பிய விரிதாளில் அப்படி ஒளிந்திருந்த தாளின் வழியாகத் தன் ஊழியர்கள் 9,483 பேரின் விவரங்களை வெளியிட்டுவிட்டது. தகவல் ஆணையர் 7,50,000 பவுண்டு அபராதம் விதித்தார். அது வேறு சட்டத்தின் கீழ் வந்த கோரிக்கை என்றாலும் பிழையின் இயல்பு ஒன்றே. இதற்கென அமைந்த மறைப்புக் கருவியைப் பயன்படுத்துங்கள். அது இல்லையென்றால் அச்சிட்டு, மறைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, பிறகு ஸ்கேன் செய்யுங்கள். பழைய முறை, ஆனால் ஏமாற்றாது.

மூன்றாவது வழி, ஆவணத்தைத் தராமல், அதிலுள்ள ஊழியருடைய தரவை மட்டும் எடுத்து ஒரு புதிய ஆவணமாகத் தொகுப்பது. தேதி, எழுதியவர், பெற்றவர், அவரைப் பற்றிய வாசகம் என்று நான்கு பத்திகள் கொண்ட அட்டவணை போதும். பிறருடைய தகவல் தவறிப்போய்க் கசியும் வாய்ப்பு மிகக் குறைவு, படிப்பதற்கும் எளிது. பிரித்தானியச் சட்டம் இதை அனுமதிக்கிறது. ஆனால் தேர்ந்தெடுப்பவர் முதலாளி என்பதால் ஊழியருக்கு ஐயம் எழும், அந்த ஐயத்தில் நியாயமும் உண்டு. "அவரைப் பற்றி முன்பே சொன்னேன் அல்லவா?" என்ற ஒற்றை வரியை முன்பின் மடல்கள் இல்லாமல் எடுத்துவைத்தால் அதற்குப் பொருளே இல்லை. 2023 மே மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், நகல் என்பது தரவின் உண்மையான, புரிந்துகொள்ளத்தக்க மறுவடிவமாக இருக்க வேண்டும் என்றும், புரிந்துகொள்வதற்கு இன்றியமையாதபோது ஆவணப் பகுதியையோ முழு ஆவணத்தையோ தர வேண்டியிருக்கலாம் என்றும் கூறியது. அத்தீர்ப்பு பிரித்தானியாவைக் கட்டுப்படுத்தாது, ஆனால் இங்குள்ள நீதிமன்றங்கள் அதைக் கருத்தில் கொள்ளலாம். எனக்கு அது நல்ல அளவுகோலாகப் படுகிறது.

நான்காவது வழி, பிரச்சினைக்குரிய ஆவணத்தை முழுதாக நிறுத்திவைப்பது. தகவலைத் தராமல் இருக்கச் சட்டம் அனுமதிக்கும் விலக்கு அந்த ஆவணம் முழுவதையும் மூடுமானால் மட்டுமே இது சரி. ஒரு பத்திக்கு விலக்கு பொருந்துகிறது என்பதற்காக ஆறு பக்கங்களைப் பெட்டிக்குள் பூட்டிவிடுவதே நான் அதிகம் காணும் தவறு.

நம் எடுத்துக்காட்டில் நான் செய்வது இவற்றின் கலவை. பணியாளர் கோப்பு, சம்பளம், வருகை, பயிற்சிச் சான்றுகள் ஆகியவை அப்படியே போகும். அவற்றில் பிறர் பெயர் அரிது. வழக்கமான அலுவல் மடல்கள் அட்டவணையாகத் தொகுக்கப்படும். ஒழுங்கு விசாரணையோடு தொடர்புடைய அறுபது எழுபது மடல்களையும் வாட்ஸ்அப் உரையாடலையும், சூழல் கெடாதபடி, முழு வடிவில் மறைப்புடன் தருவேன். எங்கே சந்தேகம் மிகுதியோ அங்கே சூழலைக் கொடுப்பதற்கு உழைப்பைச் செலவிட வேண்டும் என்பதே இந்தப் பங்கீட்டின் அடிப்படை.

வாட்ஸ்அப் குழுவில் ஒரு மேலாளர் அவரைத் தரக்குறைவாகப் பேசியிருக்கிறார். அதை நிறுத்திவைக்க முடியுமா? முடியாது. ஒருவரைப் பற்றிய கருத்தும் அவருடைய தனிப்பட்ட தரவே. நிறுவனத்துக்குக் கூச்சம் தருவது என்பது விலக்குப் பட்டியலில் இல்லை. அலுவல் நிமித்தம் எழுதிய மேலாளரின் பெயரை மறைப்பதற்கும் பொதுவாகக் காரணம் இல்லை.

பிறர் சொன்ன சொல்

கடினமான பகுதி சாட்சி வாக்குமூலங்கள். ஒழுங்கு விசாரணைக்காகச் சக ஊழியர்கள் இருவர் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். ஒன்று விசாரணைக் கூட்டத்தில் ஊழியைக்கே படித்துக் காட்டப்பட்டது. மற்றொன்று "என் பெயர் வெளியே தெரியக் கூடாது" என்ற வேண்டுகோளுடன் வந்தது. மூன்றாவதாக, இல்லத்தில் வாழும் ஒரு மூதாட்டியின் மகள் எழுதிய புகார்க் கடிதமும் இருக்கிறது. இம்மூன்றிலும் ஊழியையின் தரவும் எழுதியவரின் தரவும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

2018ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, 16ஆம் பத்தி இதற்கு வழி சொல்கிறது. பிறரை அடையாளம் காட்டும் தகவலை, அவர் ஒப்புக்கொண்டால் தர வேண்டும். ஒப்புதல் இல்லாவிட்டாலும், ஒப்புதலின்றிக் கொடுப்பது நியாயமானது என்றால் தர வேண்டும். எது நியாயம் என்பதை எடைபோட, தகவலின் தன்மை, எழுதியவருக்கு நாம் இரகசியக் கடமைப்பட்டிருக்கிறோமா என்பது, ஒப்புதல் பெற எடுத்த முயற்சி, ஒப்புதல் தரும் நிலையில் அவர் இருக்கிறாரா என்பது, வெளிப்படையாக மறுத்தாரா என்பது ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். "அவர் வேண்டாம் என்றார், அதனால் தரவில்லை" என்று இந்த எடைபோடலை முடித்துவிட முடியாது.

இந்த விதிக்குப் பின்னால் ஒரு மனிதரின் நீண்ட போராட்டம் இருக்கிறது. லிவர்பூல் நகரசபையின் பராமரிப்பில் குழந்தைப்பருவத்தைக் கழித்த கிரஹாம் காஸ்கின், வளர்ந்தபின் தம்மைப் பற்றிய கோப்பைக் கேட்டார். அதில் எழுதியவர்களில் ஒப்புதல் தந்தவர்களின் ஆவணங்கள் மட்டுமே அவருக்குக் கிடைத்தன. 1989இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், எழுதியவர் மறுக்கும்போதோ பதில் சொல்லாதபோதோ, தகவலைத் தரலாமா என்று இறுதியாகத் தீர்மானிக்கச் சுதந்திரமான அமைப்பு ஒன்று இல்லாதது உரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது. எழுதியவரின் மௌனம் கதவை அடைத்துவிடக் கூடாது என்பதே அதன் சாரம். பிற்காலச் சட்டங்களில் "ஒப்புதலின்றிக் கொடுப்பது நியாயமா" என்ற கேள்வி நுழைந்ததற்கு இதுவே மூலம்.

இனி நம் மூன்று ஆவணங்களுக்கு வருவோம். விசாரணையில் படித்துக் காட்டப்பட்ட வாக்குமூலத்தை, எழுதியவர் இப்போது மறுத்தாலும், பெயருடன் தருவது நியாயமே. ஊழியைக்கு அது யாருடையது என்பதும் என்ன சொன்னது என்பதும் முன்பே தெரியும். மறைப்பதால் யாரும் பாதுகாக்கப்படுவதில்லை. மகளின் புகார்க் கடிதத்தில் தாயின் உடல்நிலை பற்றிய பத்திகள் மறைக்கப்பட வேண்டும். ஊழியை எந்த இரவு எப்படி நடந்துகொண்டார் என்று சொல்லும் வரிகள் தரப்பட வேண்டும். மகளிடம் ஒப்புதல் கேட்கலாம், ஆனால் கேட்பதே ஊழியை கோரிக்கை வைத்திருக்கிறார் என்பதை மகளுக்குத் தெரிவித்துவிடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒப்புதல் கேட்டே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

பெயர் தெரியக் கூடாது என்றவரின் வாக்குமூலம்தான் உண்மையில் கடினமானது. பெயரை மட்டும் கறுப்படித்தால் போதும் என்று நினைப்பது சிறிய பணியிடங்களில் பயனற்றது. இரவுப்பணியில் மூன்றே பேர். "நான் மருந்து அலமாரிக்கு அருகில் நின்றபோது" என்ற ஒரு வரியே எழுதியவரைக் காட்டிக்கொடுத்துவிடும். ஊழியைக்கு முன்பே தெரிந்த செய்திகளோடு சேர்த்துப் படித்தால் அடையாளம் வெளிப்படுமா என்று அவருடைய இடத்தில் அமர்ந்து படித்துப் பார்க்க வேண்டும். இங்கே நான் தொகுத்துக் கொடுக்கும் வழியைத் தேர்வேன். "டிசம்பர் மாதத்து இரவுப்பணிகளில் நீங்கள் மருந்துப் பதிவேட்டில் முன்கூட்டியே கையொப்பமிட்டதாக ஒரு தகவல் பெறப்பட்டது" என்று, குற்றச்சாட்டின் உள்ளடக்கம் சிதையாமல், சொன்னவரின் கோணம் வெளிப்படாமல் எழுத வேண்டும். முழுதாக மறுத்தால், தம்மீது என்ன சொல்லப்பட்டது என்பதே ஊழியைக்குத் தெரியாமல் போகும். முழுதாகக் கொடுத்தால், நம்பிப் பேசியவரை நாம் கைவிடுகிறோம். இந்த எடைபோடலில் முதன்மைப் பொறுப்பு தரவை வைத்திருப்பவருடையதே என்று 2018இல் பொது மருத்துவக் கவுன்சில் தொடர்பான வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியிருக்கிறது. அதனால் தீர்மானித்த அன்றே காரணத்தை இரண்டு மூன்று வரிகளில் எழுதிவைக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து ஆணையர் கேட்கும்போது நினைவிலிருந்து உருவாக்கும் காரணத்துக்கு எடை குறைவு.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். விசாரணை தொடங்கும்போதே சாட்சிகளுக்கு "உங்கள் பெயர் ஒருபோதும் வெளிவராது" என்று வாக்குக் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும். அந்த வாக்கைக் காப்பாற்றும் அதிகாரம் நிறுவனத்திடம் முழுமையாக இல்லை.

நிறுவனத்தின் சொந்தத் தாள்கள்

எஞ்சியவை நான்கு. முதலாவது வழக்கறிஞருடனான கடிதப் போக்குவரத்து. சொலிசிட்டரிடம் சட்ட ஆலோசனை கேட்டதும் அவர் தந்ததும் இரகசியப் பாதுகாப்புப் பெற்றவை; முழுதாக நிறுத்திவைக்கலாம். ஆனால் பல சிறு நிறுவனங்கள் சொலிசிட்டரிடம் போவதில்லை, மாதச் சந்தா கட்டி மனிதவள ஆலோசகர்களிடம் தொலைபேசியில் கேட்கின்றன. அந்த ஆலோசகர் வழக்கறிஞராக இல்லாவிட்டால், சட்ட ஆலோசனைக்குரிய இந்தப் பாதுகாப்பு அவருடைய மடலுக்குக் கிடையாது. கணக்காளர் தரும் சட்ட ஆலோசனைக்கும் இதை விரிவாக்க முடியாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் கூறியதன் விளைவு இது. வழக்கு நியாயமாக எதிர்பார்க்கப்படும் கட்டத்தில், அந்த வழக்குக்காகவே முதன்மையாக எழுதப்பட்டவற்றுக்கு வேறொரு பாதுகாப்பு உண்டு. அது வாய்க்குமா என்பதை ஒவ்வொரு மடலாகப் பார்க்க வேண்டும். மேலாளர்கள் தமக்குள் எழுதிக்கொண்ட மடலில் சொலிசிட்டருக்கும் ஒரு பிரதி போட்டுவிட்டால் அது பாதுகாப்பு பெற்றுவிடும் என்ற நம்பிக்கை தவறானது. நம் எடுத்துக்காட்டில் சொலிசிட்டரின் ஏழு மடல்கள் நிற்கும். ஆலோசகரின் நான்கு மடல்கள், "இவரை எப்படி வெளியேற்றுவது" என்ற வரி உட்பட, போகும்.

இரண்டாவது, ஏப்ரலில் அறிவிக்க இருக்கும் ஆட்குறைப்புக்கான விரிதாள். அதில் ஊழியையின் பெயருக்கு எதிரே மதிப்பெண் இருக்கிறது. நிர்வாகத் திட்டமிடலுக்கான தரவை, வெளியிட்டால் அந்தத் திட்டத்துக்கு ஊறு நேரும் அளவுக்கு நிறுத்திவைக்கலாம். அறிவிப்புக்கு முன் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் முப்பது பேரிடையே பதற்றம் பரவும் என்பது இங்கே உண்மையான ஊறு. ஆனால் இந்த விலக்குக்கு ஆயுள் குறைவு. திட்டம் அறிவிக்கப்பட்ட பிறகு அவருடைய மதிப்பெண்ணை மறைப்பதற்குக் காரணம் இருக்காது.

மூன்றாவது, அவருடன் உடன்பாட்டுக்கு வர எவ்வளவு வரை தரலாம் என்று இயக்குநர்கள் குறித்துவைத்த தொகை. பேச்சுவார்த்தையில் நம் நோக்கத்தைக் காட்டும் பதிவை, காட்டினால் பேச்சுவார்த்தை கெடும் என்றால், நிறுத்திவைக்கலாம். தொகையும் அதைச் சுற்றிய வரிகளும் மட்டுமே இதில் அடங்கும். அதே குறிப்பில் அவருடைய நடத்தையைப் பற்றி எழுதியிருக்கும் பத்திக்கு இந்தப் போர்வை நீளாது.

நான்காவது, ஏழு ஆண்டுகளுக்கு முன் அவருடைய பழைய முதலாளி எழுதிய பணிச் சான்றுரை. இரகசியமாகத் தரப்பட்டதாக இருந்தால், எழுதியவரும் பெற்றவரும் இருவருமே இதை நிறுத்திவைக்கலாம். 1998ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதியவருக்கு மட்டும் இருந்த விலக்கை 2018ஆம் ஆண்டுச் சட்டம் இருவருக்கும் விரித்தது. விலக்கு என்பது அனுமதிதான், கட்டளை அன்று. பாராட்டு மட்டுமே உள்ள இரண்டு வரிச் சான்றுரையை ஒளித்துவைத்துச் சந்தேகத்தை வளர்ப்பதைவிட, எழுதியவரைக் கேட்டுவிட்டுக் கொடுத்துவிடுவது நல்லது.

பதில் கடிதம்

பலர் ஆவணக் கட்டை மட்டும் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று எண்ணுகிறார்கள். எந்த நோக்கத்துக்காகத் தரவை வைத்திருக்கிறோம், யாருக்குக் கொடுத்திருக்கிறோம், எவ்வளவு காலம் வைத்திருப்போம், அவரிடமிருந்து பெறாதவை எங்கிருந்து வந்தன, திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமை, ஆணையரிடம் புகார் செய்யும் உரிமை ஆகியவற்றையும் சொல்லியாக வேண்டும். சம்பளக் கணக்கைச் சென்னையில் உள்ள ஓர் அலுவலகம் செய்கிறது என்றால், தரவு நாட்டுக்கு வெளியே போவதையும் அதற்கான பாதுகாப்பு ஏற்பாட்டையும் குறிப்பிட வேண்டும்.

நிறுத்திவைத்தவற்றைப் பற்றி என்ன எழுதுவது என்பதிலும் தேர்வு உண்டு. "சில தகவல்கள் சட்டப்படி நிறுத்தப்பட்டுள்ளன" என்ற ஒற்றை வரி பாதுகாப்பானதாகத் தோன்றும். படிப்பவருக்கு அது சுவர். "எங்கள் சொலிசிட்டருடனான சட்ட ஆலோசனைக் கடிதங்களும், பிறரை அடையாளம் காட்டும் பகுதிகளும் தரப்படவில்லை; பின்னதன் உள்ளடக்கம் பக்கம் 14இல் தொகுத்துத் தரப்பட்டுள்ளது" என்று எழுதினால் எந்த இரகசியமும் போய்விடாது, அவர் மறுபரிசீலனை கேட்பதற்கும் ஒரு பிடி கிடைக்கும். ஆட்குறைப்பு விரிதாளுக்கு மட்டும் இது பொருந்தாது. "நிர்வாகத் திட்டமிடல் விலக்கு" என்று எழுதினாலே திட்டம் இருப்பது வெளியாகிவிடும். காரணத்தைச் சொல்வதே விலக்கின் நோக்கத்தைக் குலைக்கும் இடத்தில் பொதுவான சொற்களில் நிறுத்திக்கொள்ளலாம். அப்படிச் செய்ததன் காரணத்தை உள்பதிவேட்டில் முழுதாக எழுதிவைக்க வேண்டும்.

மறைக்கப்படாத மூலத் தொகுப்பையும், எந்த வரி எந்தக் காரணத்துக்காக மறைக்கப்பட்டது என்ற குறிப்பையும் தனியே பத்திரப்படுத்துங்கள். இந்த ஊழியை பின்னர் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போனால் அங்கே ஆவணங்களை வெளியிடும் விதிகள் வேறு. வழக்குக்குத் தொடர்புடையது என்றால், இங்கே தொகுத்துக் கொடுத்த அந்தப் பெயரில்லா வாக்குமூலத்தை அங்கே மூல வடிவில் வைக்க வேண்டி வரலாம். சொலிசிட்டரின் ஏழு மடல்கள் அங்கும் பாதுகாக்கப்படும். விரிதாளின் நிலை அதற்கு முன்பே மாறிவிடும்: ஏப்ரலில் ஆட்குறைப்பு அறிவிக்கப்பட்ட மறுநாள் அவர் மீண்டும் கேட்டால், பிறருடைய வரிசைகளை நீக்கிவிட்டு அவருடைய மதிப்பெண் வரிசையைக் கொடுக்க வேண்டியிருக்கும். அந்தத் தேதியை மார்ச் 2 அன்றே நாட்காட்டியில் குறித்துவைப்பது நல்லது.